பத்து ஹிட் மட்டும் போதுமா, பக்கத்தில் பத்து சாதாரண வீடியோவும் வேண்டுமா?

நான் யூடியூபில் மாடித் தோட்டம் பற்றி வீடியோ போடுகிறவன். இந்தத் துறையில் நன்றாக ஓடிய பத்து வீடியோக்களின் முதல் 30 விநாடியை இரண்டு விதமாக அலசிப் பார்த்தேன்.

முதல் வழி எல்லாரும் செய்வதுதான். சில சேனல்களில் Popular-ஐத் தட்டி, அதிகம் பார்க்கப்பட்ட பத்தை எடுத்தேன். முதல் காட்சி என்ன, முதல் வாக்கியம் என்ன, தலைப்பில் சொன்ன விஷயம் எந்த விநாடியில் கண்ணில் படுகிறது என்று ஷீட்டில் மூன்று கட்டம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பத்தில் எட்டு, கூடை நிறையத் தக்காளியோ கத்திரிக்காயோ காட்டித் தொடங்கின. ஆகா, பிடித்துவிட்டோம் என்று அடுத்த மூன்று வீடியோவை நானும் அறுவடையில் ஆரம்பித்தேன். யூடியூப் ஸ்டூடியோவில் பார்த்தால், 0:30-இல் தங்கியிருந்தவர்கள் வழக்கம்போலப் பாதிப் பேர்தான்.

இரண்டாவது வழிக்கு இரண்டு மாலைகள் போயின. ஒவ்வொரு ஹிட்டுக்கும் ஜோடியாக, அதே சேனலில், ஏறக்குறைய அதே மாதத்தில், அதே நீளத்தில் வந்து சாதாரணமாக ஓடிய ஒரு வீடியோவைத் தேடி எடுத்தேன். அதே மாதம் என்பது முக்கியம். பழைய வீடியோவுக்குத் தேடல் வழியாகவே பார்வை சேர்ந்துகொண்டிருக்கும், தொடக்கத்துக்கு அதில் பங்கு குறைவாக இருக்கலாம்.

ஜோடி சேர்த்ததும் குட்டு உடைந்தது. சாதாரண பத்தில் ஏழும் அறுவடையில்தான் தொடங்கின! அது வெற்றியின் அடையாளம் இல்லை, இந்தத் துறையின் பழக்கம். வெறும் ஹிட்டுகளை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது.

வித்தியாசம் மூன்றாவது கட்டத்தில் இருந்தது. ரோஜா இலை மஞ்சளாவது பற்றிய ஹிட்டில், நாலாவது விநாடியிலேயே ஒரு கொழுந்து இலை கையில்: நரம்பு மட்டும் பச்சை, மீதி மஞ்சள். நம் வீட்டுச் செடியா என்று பார்ப்பவர் அங்கேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம். அதன் ஜோடி மாவுப்பூச்சி வீடியோ. கூடை, வணக்கம், சப்ஸ்கிரைப், மணியை அழுத்துங்கள் எல்லாம் கடந்து பூச்சி தலைகாட்டியது 34-ஆவது விநாடியில். பத்து ஜோடியில் எட்டில் ஹிட்தான் முந்தியது.

சரி, இதையும் அளவோடுதான் நம்புகிறேன். அடுத்தவர் வீடியோவில் எத்தனை பேர் எங்கே விலகினார்கள் என்பது நமக்குத் தெரியாது. தம்ப்நெயிலோ, இலை மஞ்சளாவது பலருக்கும் உள்ள பிரச்சினை என்பதோகூடக் காரணமாக இருக்கலாம். விஷயத்தை முன்னால் இழுத்து நான் போட்டவை இரண்டே வீடியோ. 0:30-இல் தங்கியவர்கள் ஒன்றில் 61 சதவீதம், இன்னொன்றில் 54. ஷார்ட்ஸில் இதைச் செய்து பார்த்ததில்லை. நேரமே இல்லாதவர்கள் ஐந்து ஜோடியாவது எடுங்கள், ஜோடி இல்லாத பத்து வேண்டாம்.