பெயரை மறைப்பதா, கணக்கைக் கொடுப்பதா: 386 ரெஸ்யூமேக்களைச் சலித்த கதை

பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் ஒரு நடுத்தரப் பிளாஸ்டிக் பாகத் தொழிற்சாலையில் ஆளெடுக்கும் வேலை எனக்கு. சென்ற ஆண்டு இரண்டு புரொடக்‌ஷன் பிளானர் இடங்களுக்கு விளம்பரம் போட்டோம். பத்தே நாளில் 386 விண்ணப்பங்கள் வந்துவிட்டன. முன்பெல்லாம் ஒரு ரெஸ்யூமேவுக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும். அந்த அரை நிமிடத்தில் கண் போவது இரண்டே இடத்துக்கு: எந்தப் பல்கலைக்கழகம், பாயான் லெப்பாஸில் எந்தப் பன்னாட்டு ஃபேக்டரி. அப்படி எடுத்த இருவர் நான்கே மாதத்தில் போய்விட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. பெரிய ஃபேக்டரியில் பிளானர் பார்ப்பது வேலையின் ஒரு துண்டை மட்டும். மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எங்களிடம் இருப்பதோ ஓர் எக்செல் கோப்பும், நாளைக்கு மூன்று முறை போன் அடிக்கும் வாடிக்கையாளரும்.

ஆகவே இந்த முறை பெயரைப் பார்க்காமல் சலிப்பது என்று முடிவெடுத்தோம். வழி இரண்டு இருந்தன. ஒன்று, ரெஸ்யூமேவில் கல்லூரி, கம்பெனிப் பெயர்களை மறைத்துவிட்டுப் படிப்பது. இன்னொன்று, ரெஸ்யூமேவை ஓரம் வைத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே சின்ன வேலைக் கணக்கைக் கொடுத்து, விடைக்கு மதிப்பெண் போடுவது. மூன்றாவதாக, சொல்லைத் தேடி வடிகட்டுவது என்று ஒரு வழி உண்டு. ‘பிளானிங்’ என்ற சொல்லைப் பத்து முறை எழுதியவர் மேலே வருவார், அவ்வளவுதான். அதை விட்டுவிடலாம்.

மறைப்பதை ஒரு முறை, அறுபது ரெஸ்யூமேக்களுக்குச் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கு மூன்று நிமிடம் ஆனது. 386க்கு என்றால் பத்தொன்பது மணி நேரம், அதுவும் ஒரு வரிகூடப் படிப்பதற்கு முன்னால். அதைவிடப் பெரிய தொல்லை, பெயரை அழித்தாலும் வாசனை போவதில்லை. ‘ஐயாயிரம் பேர் வேலை செய்யும் செமிகண்டக்டர் ஆலை’ என்று ஒரு வரி இருந்தால் போதும். உபகாரச் சம்பளத்தின் பெயர், பல்கலைக்கழக மின்னஞ்சல், விடுதிச் சங்கத்தின் தலைவர் பதவி எல்லாமே காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும் அழித்தால் மிஞ்சுவது ‘டீம் பிளேயர்’ என்ற வகையறா வரிகள்தான்.

மறைப்பதற்கு எதிர்பாராத விளைவும் உண்டு. பிரான்சில் அரசு வேலைவாய்ப்பு அமைப்பு வழியாக, விருப்பப்பட்டுச் சேர்ந்த நிறுவனங்களில் பெயர், முகவரி போன்றவற்றை மறைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஆய்வு 2015இல் வெளியானது. குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பேட்டைகளில் வசிப்பவர்களுக்கும் நேர்முக அழைப்பு கூடும் என்று பார்த்தால், குறைந்துபோனது. ஆய்வாளர்கள் சொன்ன விளக்கங்களில் ஒன்று: பின்னணி தெரிந்தபோது ரெஸ்யூமேவில் இருக்கும் ஓட்டையைப் புரிந்துகொண்டவர்கள், தெரியாதபோது அதைக் குறையாக மட்டுமே பார்த்தார்கள். அங்கே மறைத்தது கல்லூரிப் பெயரை அல்ல, எனவே அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. ஆனாலும் மறைப்பது எதையும் சேர்ப்பதில்லை, எடுப்பது மட்டும்தான் என்பது என் அறுபது ரெஸ்யூமேக்களிலும் தெரிந்தது.

சரி, நாங்கள் எடுத்த வழி. முதலில் இரண்டு ஆம்-இல்லைக் கேள்விகள்: இரவு ஷிப்ட் முடியுமா, பிறைக்கு வர வண்டி இருக்கிறதா. கூடவே ஒரு கூகுள் படிவத்தில் இரண்டு கணக்குகள். முதல் கணக்கு இது:

திங்கள் காலை 7 மணி. வாடிக்கையாளருக்கு வெள்ளி இரவுக்குள் 1,200 பாகங்கள் வேண்டும். இயந்திரம் ஒன்றுதான், மணிக்கு 15 பாகம் வரும். காலை 7 முதல் இரவு 11 வரை இரண்டு ஷிப்ட். புதன் காலை ஷிப்ட் முழுவதும் பராமரிப்புக்காக இயந்திரம் நிற்கும். கையில் 900 பாகத்துக்குத்தான் மூலப்பொருள் இருக்கிறது. மீதி வியாழன் மதியம் 12க்கு வரும். வாடிக்கையாளரிடம் என்ன சொல்வீர்கள்? முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்?

போட்டுப் பார்த்தால், நாளைக்கு 240. ஐந்து நாளில் சரியாக 1,200 வந்திருக்கும். புதன் காலை போனதால் 1,080 தான் வரும். ஆக 120 குறைகிறது. மூலப்பொருள் வெறும் திசைதிருப்பல். வெள்ளி காலை 11 மணிக்குத்தான் 900ஐத் தொடுவோம், அதற்குள் சரக்கு வந்திருக்கும். ஒரே ஓர் இரவு ஷிப்ட் ஓடினால் எட்டு மணி நேரத்தில் அந்த 120 வந்துவிடும்.

மதிப்பெண் 0 முதல் 3 வரை. ‘முடிந்தவரை முயற்சி செய்வேன்’ என்றால் 0. பராமரிப்பால் குறையும் என்று கண்டுகொண்டால் 1. 120 என்ற எண்ணைச் சொன்னால் 2. எண்ணோடு, ஓ.டி.யோ பகுதி டெலிவரியோ என்று ஒரு வழியும் சொன்னால் 3.

படிவத்தை நிரப்பியவர்கள் 214 பேர். விடைகளின் பட்டியலில் பெயர் இருக்கும் பத்திகளை மறைத்துவிட்டு, `=RAND()` போட்டு வரிசையைக் கலைத்தேன். பிறகு ஆள் ஆளாகத் திருத்தவில்லை. 214 பேரின் முதல் கணக்கை முடித்துவிட்டுத்தான் இரண்டாவதைத் தொட்டோம். ஒருவருடைய முதல் விடை நன்றாக இருந்தால் இரண்டாவதற்கும் கை தாராளமாகப் போகும். அதைத் தடுக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு விடைக்கு முக்கால் நிமிடம், ஆளுக்கு ஐந்தரை மணி நேரம் ஆனது. திருத்தியது நானும் எங்கள் பிளானிங் அக்காவும், தனித்தனியாக.

முதல் இருபது விடைகளைத் திருத்திவிட்டு ஒப்பிட்டோம். ஏழில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அக்கா ஒன்றைக் காட்டிக் கேட்டார்: “தம்பி, இவன் கணக்கு சரி, ஓ.டி.யும் சொல்லியிருக்கான். மலாய்ல எழுதினதுக்கா ஒண்ணு போட்டீங்க?” அதற்காகத்தான் போட்டிருந்தேன், தெரியாமலே. அந்த ஏழில் ஐந்து அப்படித்தான்: ஆங்கிலம் சரளமாக இருந்த இடத்தில் ஒன்று கூட்டியும், எழுத்துப் பிழை இருந்த இடத்தில் ஒன்று குறைத்தும் வைத்திருந்தேன். கல்லூரிப் பெயரை வாசலில் விரட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்துவிட்ட மாதிரி. விடைக்குறிப்பில் ‘மொழிக்கு மதிப்பெண் இல்லை, எண், வழி இரண்டை மட்டும் பார்’ என்று சேர்த்து, இருபதையும் மறுபடி திருத்தினோம். இந்தத் தடவை ஒத்துவராதது இரண்டுதான்.

இருவரும் போட்டதைக் கூட்டினால் முழு மதிப்பெண் 12. ஒன்பதும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் 27 பேர். அவர்களுடைய ரெஸ்யூமேவைத் திறப்பதற்கு முன்பே ஆளுக்குப் பத்து நிமிடம் போனில் பேசினேன். வேறு யாராவது எழுதித் தந்திருக்கலாம் அல்லவா? அதனால் ஓர் எண்ணை மாற்றி, “மணிக்கு 12 தான் வருதுன்னா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்பேன். சொந்தமாகச் செய்தவர் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு விடைக்கு வந்துவிடுவார். நான்கு பேர் கேள்வியையே மறந்திருந்தார்கள்.

அந்த 27இல் ஒரு பெண் எழுதியிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. புதன் இரவே ஓ.டி. ஓட்டினால் வியாழன் மாலை 7 மணிக்கே 900 தீர்ந்துவிடும். மதியம் வரவேண்டிய சரக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் லைன் நின்றுவிடும். அதனால் முதல் போன் சப்ளையருக்கு. விடைக்குறிப்பு எழுதிய எங்களுக்கே அது தோன்றவில்லை. பின்னால் ரெஸ்யூமேவைத் திறந்தால் பாலிடெக்னிக் டிப்ளோமா, நிபோங் திபாலில் குடும்ப மளிகைக்கடையில் மூன்று வருடம். அரை நிமிட வாசிப்பில் நான் நிச்சயம் ஒதுக்கியிருப்பேன். வேலைக்குச் சேர்ந்த இருவரில் அவர் ஒருவர். இரண்டு பேரை வைத்து முறை வென்றுவிட்டது என்று சொல்ல முடியாது. படிவத்தையே தொடாத 172 பேரில் நல்லவர்கள் எத்தனை பேர் போனார்களோ, அதுவும் கணக்கில் வராது. மேலாளர் பதவிகளுக்கு இதை நான் செய்து பார்த்ததில்லை.

ஆராய்ச்சிக்காரர்கள் தரும் எண்களும் எச்சரிக்கையாகத்தான் இருக்கின்றன. 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. வேலையிலிருந்தே ஒரு துண்டை எடுத்துக் கொடுக்கும் தேர்வுக்கும் பின்னாளைய வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பை ஷ்மிட்டும் ஹன்டரும் 1998இல் 0.54 என்றார்கள். 2022இல் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் மறுபடி கணக்கிட்டு அதை 0.33 ஆக இறக்கினார்கள். ஆனால் எத்தனை வருட அனுபவம் என்பதற்கு அவர்கள் கொடுத்தது 0.07 தான்.

இனி, இரண்டு வழிகளில் எது நீடிக்கும் என்பது. என் முடிவு இதில்தான் நிற்கிறது. மறைப்பதற்கு ஒவ்வொரு முறையும் அதே பத்தொன்பது மணி நேரம். பத்தாவது முறையும் மலிவாகாது. கணக்குக்கு அந்தச் செலவில்லை, ஆனால் அது கெட்டுப்போகும். எட்டு மாதம் கழித்து இன்னோர் இடத்துக்கு அதே கேள்வியைக் கொடுத்தோம், மணிக்கு 15 என்பதை மட்டும் 18 ஆக்கி. இப்போது நாளைக்கு 288. புதன் காலையைக் கழித்தாலும் 1,296 வரும். அதாவது குறையே இல்லை, ‘அனுப்பிவிடலாம்’ என்பதுதான் சரியான விடை. பதினொரு பேர் ‘120 குறையும், இரவு ஷிப்ட் போட வேண்டும்’ என்று எழுதியிருந்தார்கள். எதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் பழைய விடை சுற்றியிருக்க வேண்டும். எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால் அந்தப் பதினொன்றுக்கும் 3 போட்டிருப்பேன்.

அதனால் இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் எண்ணை மாற்றுகிறோம். சும்மா மாற்றினால் போதாது, விடையே தலைகீழாகும்படி மாற்ற வேண்டும். குறை இருந்த இடத்தில் குறை இல்லாமல், மூலப்பொருள் பிரச்சினை இல்லாத இடத்தில் அதுவே பிரச்சினையாக. விடைக்குறிப்பைத் திருத்தி, இருபது விடைகளை இருவரும் சேர்ந்து ஒப்பிட்டு முடிக்க இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்றும் பார்த்துக்கொள்வேன். முதல் சுற்றில் ஒன்பதில் ஒருவருக்குத்தான் முழு 3 கிடைத்தது. திடீரென்று ஐந்தில் இருவருக்குக் கிடைத்தால் ஆட்கள் புத்திசாலிகளாகிவிட்டார்கள் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்த சுற்று அடுத்த மாதம். இந்த முறை வேகத்தை விட்டுவிட்டு, சரக்கு வரும் நேரத்தை வெள்ளி மாலை 3 மணிக்குத் தள்ளியிருக்கிறோம். வெள்ளி காலை 11க்குக் கையிருப்பு தீர்ந்து இயந்திரம் நான்கு மணி நேரம் சும்மா நிற்கும், குறை 180 ஆகும். ஓ.டி. போடலாம் என்று எழுதுகிறவர், அந்த இரவில் ஓட்ட மூலப்பொருள் எங்கே என்று கேட்கிறாரா என்பதற்குத் தனியாக ஒரு மதிப்பெண் வைக்கலாமா என்று அக்காவும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.