வீட்டில் மாற்றுச் சிறுநீரகப் பாட்டி, கர்ப்பிணிச் சித்தி: ரோட்டா சொட்டுக்குப் பின் டயப்பரா, துணியா?

கோத்தகிரியில் ஒரு வீடு. குழந்தைக்கு ஆறு வாரம். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில், ரோட்டா வைரஸால் வரும் பேதியைத் தடுக்கும் முதல் ரோட்டா சொட்டு. பாட்டி சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் டாக்ரோலிமஸ் மருந்து சாப்பிடுகிறார். சித்திக்கு ஏழாம் மாதம்.

சொட்டைத் தள்ளிப்போடலாமா என்றுதான் முதலில் பேச்சு வந்தது. கூடாது. சொட்டில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ். அது மலத்தில் கொஞ்சம் வெளியேறும், அதுவும் முதல் தவணைக்குப் பின் முதல் வாரத்தில்தான் அதிகம். சொட்டு போடாத குழந்தைக்கு உண்மையான ரோட்டா வந்தாலோ, ஒரு கிராம் மலத்திலேயே நூறு கோடிக்கணக்கில் வைரஸ் இருக்கும். பாட்டிக்கு அதுதான் பெரிய ஆபத்து.

அடுத்தது டயப்பரா, துணியா? துணியை அலசும்போது கல்லிலும் குழாயடியிலும் தண்ணீர் தெறிக்கும். மலையில் மழைக்காலத்தில் துணி லேசில் காயாது. அடுப்படியில்தான் கொடி கட்டுவார்கள், பாட்டி உட்காருவதும் அங்கேதான். டயப்பரில் இந்தத் தொல்லை இல்லை. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, உள்பக்கமாகச் சுருட்டிக் கட்டிவிடலாம். ஆனால் அதைத் திறந்த தொட்டியில் போட்டால் குரங்கு கிழித்து வாசல் முழுக்க இறைக்கும். மூடியுள்ள வாளியில் வைத்துத் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுக்க வேண்டும். என் தீர்ப்பு: ஒவ்வொரு தவணைக்குப் பின்னும் இரண்டு வாரம் டயப்பர், அப்புறம் துணி.

சித்தி டயப்பர் மாற்றலாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் சிறுவயதிலேயே ரோட்டா வந்துபோய் எதிர்ப்புச் சக்தி இருக்கும்; மாற்றியதும் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவினால் போதும். பாட்டி மாற்றவே வேண்டாம். தூக்கலாம், கொஞ்சலாம். வேறு ஆளே இல்லாதபோது கையுறை போட்டு மாற்றி, கழற்றியபின் கை கழுவட்டும். பாயில் மலம் பட்டால் முதலில் துடைத்தெடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் 20 மில்லி ப்ளீச் திரவம் (5 சதவீதம்) கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள்.

பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. அதே நாளில் கொடுக்கும் போலியோ சொட்டிலும் உயிருள்ள வைரஸ்தான். மலத்தில் அது பல வாரம் போகும். ஆகவே, போவதற்கு முன்பே செவிலியரிடம் பாட்டியைப் பற்றிச் சொல்லி, போலியோவுக்கு ஊசி மட்டும் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சொட்டுதான் என்றால், துணிக்கு மாறிய பிறகும் பாட்டி அதைத் தொட வேண்டாம்.

பாட்டிக்குப் பேதி கண்டால் கடையில் மாத்திரை வாங்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். பேதியில் டாக்ரோலிமஸ் அளவு ரத்தத்தில் ஏறும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அன்றே மாற்று சிகிச்சை டாக்டரைக் கூப்பிட்டு, குழந்தைக்குச் சொட்டு போட்ட தேதியையும் சொல்லுங்கள்.