விசாரணைக்கு அழைக்கும் கடிதம்: குறுங்கடிதமா, முழுக்கடிதமா?

பிரிட்டனில் ஒழுங்கு நடவடிக்கை விசாரணைக்கு ஊழியரை அழைக்க நிறுவனங்கள் இரண்டு விதமாகக் கடிதம் எழுதுகின்றன. ஒன்று, நாலே வரியில் நாளும் இடமும் சொல்லி, "ஆவணங்கள் விசாரணையில் காட்டப்படும்" என்று முடிவது. மற்றொன்று, குற்றச்சாட்டை நாள் வாரியாக விவரித்து, நம்பியிருக்கும் ஆவணங்களின் நகல்களையும் இணைத்து அனுப்புவது. சங்கப் பிரதிநிதியாக ஊழியர்களுடன் விசாரணைக்குச் செல்பவன் என்ற முறையில், முதல் வகையை நான் ஏற்பதில்லை. ஏன் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன்.

கிடங்கு ஊழியர் ஒருவர், வேலைக்கு வராத சக ஊழியரின் வருகை அட்டையையும் சேர்த்துப் பதிந்தார் என்பது குற்றச்சாட்டு. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை 6:51க்கு இயந்திரத்தில் இரண்டு அட்டைகள் பதிவாகியிருக்கின்றன. அதே 6:51 எனக் காட்டும் கேமரா படத்தில் அவர் மட்டும் நிற்கிறார்.

குறுங்கடிதம் வந்தால் அவர் கையில் இருப்பது "வருகைப் பதிவில் முறைகேடு" என்ற ஒரு சொற்றொடர்தான். எந்த நாள் என்றே தெரியாது. விசாரணை மேசையில் படத்தை முதன்முறையாகப் பார்ப்பவர், "நான்தான் நிற்கிறேன்" என்று உண்மையைச் சொல்வார். அந்த ஒரு வாக்கியமே ஒப்புதலாகக் குறிப்பில் ஏறிவிடும்.

முழுக்கடிதத்தில் இயந்திரப் பதிவும் படமும் இணைக்கப்பட்டிருக்கும். வீட்டில் நிதானமாகப் பார்க்கும்போது, படத்தின் ஓரத்தில் ஒரு சரக்கு லாரி தெரிகிறது. அந்த லாரி அன்று ஏழரைக்குப் பிறகுதான் வந்தது என்பது அவருக்கு நினைவுக்கு வருகிறது. வாயிற்பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கினால் நேரம் 7:40. மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியபோது கேமராவை யாரும் மாற்றவில்லை. படத்தின் உண்மையான நேரம் 7:51. அவர் இடைவேளையில் அவ்வழியே நடந்த நேரம். அட்டை பதிந்த கணத்துக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது இரண்டு மூன்று நாள் அவகாசமும் கையில் ஒரு நகலும்தான்.

இடைவழியாக, "அலுவலகத்துக்கு வந்து ஆவணங்களைப் பார்வையிடலாம்" என்று எழுதுவோரும் உண்டு. குறுங்கடிதத்தைவிட மேல்தான். ஆனால் மேலாளர் எதிரில் உட்கார்ந்திருக்க, பத்து நிமிடத்தில் லாரி கண்ணில் படுமா? உடன் வரப்போகிறவருக்கு அந்தப் படத்தைக் காட்டவும் வழியில்லை. சாட்சியின் பெயரைக் காக்க வேண்டும் என்பதே காரணமென்றால், பெயரை மறைத்து நகல் தரலாமே.

வேலையிடத் தகராறுகளைத் தீர்க்க உதவும் பொது அமைப்பான ஏகாஸின் நடத்தை நெறி இதில் தெளிவாக இருக்கிறது. குற்றச்சாட்டையும் அதன் சாத்தியமான விளைவையும் ஊழியர் பதில் தயாரிக்கப் போதுமான அளவு எழுத்தில் தர வேண்டும். எழுத்துச் சான்றுகளின் நகல்களைப் பொதுவாக அதனுடனே அனுப்ப வேண்டும். தயாராக நியாயமான அவகாசம் வேண்டும். நெறியைக் காரணமின்றி மீறினால், ஊழியர் வெல்லும் வழக்கில் தீர்ப்பாயம் இழப்பீட்டை 25 சதவீதம் வரை உயர்த்தலாம்.

நாள், இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யார் தலைமை வகிக்கிறார் என்பதையும், தனியே கலந்துபேச ஓர் அறை உண்டா என்பதையும் முழுக்கடிதம் சேர்த்துச் சொல்லும்.

துணையாள் பற்றிய வரியில்தான் இரு கடிதங்களும் மீண்டும் பிரிகின்றன. "விரும்பினால் யாரையாவது அழைத்து வரலாம்" என்பது குறுங்கடிதத்தின் வாசகம். இதை நம்பி அண்ணனையோ வழக்கறிஞரையோ அழைத்துவந்து வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் ஊழியர் தனியாளாகிவிடுவார். 1999ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உறவுகள் சட்டம் தருவது சக ஊழியரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ அழைத்துவரும் உரிமையை மட்டும்தான். அப்படி வரும் துணையாள் வாதத்தை எடுத்துவைக்கலாம், தொகுத்துப் பேசலாம், ஊழியருடன் கலந்துபேசலாம். ஊழியரிடம் கேட்ட கேள்விக்கு அவருக்குப் பதிலாக விடை சொல்ல முடியாது. முழுக்கடிதம் இதை அப்படியே எழுதிவிடும்.

ஒத்திவைக்கும் உரிமையையும் அது சொல்ல வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். விசாரணை புதன்கிழமை, துணையாளுக்கு அன்று வர இயலாது என்றால், ஊழியர் நியாயமான வேறு நேரத்தை முன்மொழியலாம். மறுநாள் தொடங்கி ஐந்து வேலை நாட்களுக்குள் அது இருந்தால், அதாவது வழக்கமான வாரத்தில் அடுத்த புதன் வரை, நிறுவனம் ஒத்திவைத்தே ஆக வேண்டும். நீங்கள் பெற்றது குறுங்கடிதமாக இருந்தால், குற்றச்சாட்டின் நாள், நேரம், ஆவண நகல்கள், இந்தப் புதிய தேதி ஆகிய நான்கையும் ஒரே மின்னஞ்சலில் அன்றே கேட்டுவிடுங்கள்.