பிடித்த பி.எஃப் கட்டப்படவில்லை: கம்பெனியா, பி.எஃப் ஆபீஸா, போலீஸா?

சம்பளச் சீட்டில் மாதாமாதம் பி.எஃப் பிடித்தம் தெரிகிறது, பாஸ்புக்கில் அந்த மாதங்களைக் காணோம். இந்தியாவில் இதற்குப் போகக்கூடிய வாசல்கள் மூன்று. எந்த வாசலில் எவ்வளவு பணம் கிடைக்கும் என்பது தெரியாமல் அலைகிறவர்கள்தான் அதிகம்.

அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். ஏப்ரல் மாதச் சம்பளத்துக்கான பி.எஃப்-ஐக் கம்பெனி மே 15-க்குள் கட்ட வேண்டும், பாஸ்புக்கில் பதிவாக இன்னும் சில நாள் ஆகலாம். ஆகவே ஒரு மாதம் விடுபட்டதும் பதற வேண்டாம். இரண்டு, மூன்று மாதம் காலியாக இருந்தால் பி.எஃப் இணையதளத்தில் Establishment Search பக்கத்தில் கம்பெனி பெயரைப் போட்டுப் பாருங்கள். எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினார்கள் என்பது அங்கே வரும். கம்பெனியே கட்டவில்லையா, மற்றவர்களுக்குக் கட்டி உங்களை மட்டும் விட்டுவிட்டார்களா என்பது ஓரளவு பிடிபடும். இரண்டாவது என்றால் பெரும்பாலும் யூ.ஏ.என் குளறுபடியாக இருக்கும், எச்.ஆரிடம் பேசினாலே தீர்ந்துவிடலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அம்பத்தூரில் ஒரு பட்டறை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 ரூபாய். தொழிலாளியிடம் 12 சதவீதம், அதாவது மாதம் 1,800 பிடிக்கிறார்கள். முதலாளி தன் பங்காக இன்னொரு 1,800 போட வேண்டும். அதில் 1,250 பென்ஷனுக்கு, 550 பி.எஃப் கணக்குக்கு. 14 மாதம் கட்டவில்லை. பிடித்தது 25,200, முதலாளி பங்கு 25,200, மொத்தம் 50,400.

கம்பெனியிடம் கேட்பது முதல் வழி. வாய்மொழியாகக் கேட்டால் "அடுத்த மாசம் போட்டுடுவோம்" என்பார்கள், அதோடு சரி. மின்னஞ்சலில் மாதங்களைக் குறிப்பிட்டு, பத்து நாள் கெடு வைத்துக் கேளுங்கள். பணம் வராவிட்டாலும் பின்னால் காட்ட ஓர் ஆவணம் இருக்கும். கெடு முடிந்த பிறகும் இந்த வாசலிலேயே நிற்பது வீண்.

போலீஸுக்குப் போவது இன்னொரு வழி. சட்டம் பலமானதுதான். பிடித்த பணத்தைக் கட்டாத முதலாளி, நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கையாடியவராகவே கருதப்படுவார். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 406, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதா 316. ஐந்தாண்டு வரை சிறை. ஆனால் இந்தக் குற்றம் உங்களிடம் பிடித்த 25,200-ஐ மட்டுமே தொடும், முதலாளி பங்கைத் தொடாது. வழக்கு தண்டனைக்காக நடப்பது. உங்கள் கணக்கில் பணம் ஏற்றும் வேலை அதற்கு இல்லை. தனி ஆளாகப் போனால் ஸ்டேஷனில் "பி.எஃப் ஆபீஸுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்புவதும் நடக்கும். பி.எஃப் அதிகாரியே புகார் கொடுத்தால் வேகம் வேறு.

எனக்குச் சரியாகப் படுவது பி.எஃப் ஆபீஸ்தான். அங்கே பி.எஃப் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி விசாரணை நடத்தி, 50,400 முழுவதையும் பாக்கியாக நிர்ணயித்து உத்தரவு போடலாம். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், தனியாக அபராதமும் முதலாளி தலையில் விழும். கட்டாவிட்டால் மீட்பு அதிகாரி கம்பெனியின் வங்கிக் கணக்கை முடக்கலாம், கம்பெனிக்குப் பணம் தர வேண்டியவர்களிடமிருந்தே நேராக வாங்கலாம். இவ்வளவு அதிகாரம் வேறு எந்த வாசலிலும் இல்லை. குறை, மெதுவாக நகரும்.

புகாரை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. epfigms.gov.in-இல் "பி.எஃப் வரவில்லை" என்று ஒரு வரி போட்டால், "நிறுவனத்துக்கு அறிவுறுத்தப்பட்டது" என்ற பதிலோடு புகார் மூடப்பட்டுவிடலாம். விடுபட்ட மாதங்கள், ஒவ்வொரு மாதப் பிடித்தம், மொத்தம் எல்லாம் எழுதி, "7ஏ விசாரணை தொடங்கக் கோருகிறேன்" என்று தெளிவாகக் கேளுங்கள். சம்பளச் சீட்டும் வங்கி ஸ்டேட்மெண்டும் இணையுங்கள். சீட்டே தராத இடமாக இருந்தால், ஃபார்ம் 16-இல் 80சி கழிவில் பி.எஃப் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கம்பெனியே கொடுத்த சாட்சி அது. இரண்டு மாதமாக அசைவில்லை என்றால் பத்து ரூபாய் ஆர்.டி.ஐ மனுவில் 'என் புகார் மீது என்ன நடவடிக்கை?' என்று கேட்டால் கோப்பு நகரும்.

வேலையில் இருந்துகொண்டே புகார் கொடுக்கப் பயமாக இருப்பது நியாயம்தான். யூ.ஏ.என் போட்டுக் கொடுத்தால் யார் என்று கம்பெனிக்குத் தெரிந்துவிடும். ஏழெட்டுப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டோ, தொழிற்சங்கம் வழியாகவோ வட்டார அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் ஒருவரைத் தனியாகக் குறிவைப்பது கடினம்.

கம்பெனி திவாலாகித் தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தால் மட்டும் வரிசை மாறும். அங்கே நியமிக்கப்பட்டவரிடம் உடனே கோரிக்கை மனு கொடுங்கள், பி.எஃப் ஆபீஸுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கலைப்பில் பி.எஃப் நிதியிலிருந்து தொழிலாளிக்குச் சேர வேண்டிய தொகை, கடன்காரர்களுக்குப் பங்கு போடும் சொத்தில் சேராது. வங்கிக்காரர்கள் வாங்கி முடித்த பிறகுதான் உங்களுக்கு என்று யாராவது சொன்னால், அதை ஏற்க வேண்டியதில்லை.