இரண்டாவது ஏற்றம்: மூன்று விளக்கங்களில் எது தேறும்?

ஆடி அமாவாசைக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ராமேஸ்வரம் போகிற மதுரைக்காரர்கள் கடல் ஏறுவதையும் வற்றுவதையும் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அக்னி தீர்த்தத்தில் இரண்டுக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட இருக்காது. ஆனால் டியூஷன் பையன்கள் விடமாட்டார்கள்: "சார், நிலா இருக்கிற பக்கம் தண்ணி ஏறுது, சரி. எதிர்ப்பக்கம் எதுக்கு ஏறணும்?"

வழக்கமாகச் சொல்லும் பதில் மையவிலக்கு விசை. பூமியும் நிலாவும் ஒரு பொது மையத்தைச் சுற்றுவதால் எதிர்ப்பக்கத் தண்ணீர் வெளியே தள்ளப்படுகிறது என்பார்கள். சொல்லச் சுலபம், ஆனால் ஓட்டை உண்டு. அந்தச் சுற்றில் பிறக்கும் விசை பூமி முழுக்க ஒரே அளவு, ஒரே திசை. அது தனியாக ஓரிடத்தில் மட்டும் நீரை மேடாக்க முடியாது.

நான் சொல்லிக்கொடுப்பது நியூட்டன் வழி. நிலா சராசரியாக 3,84,400 கி.மீ. தள்ளி இருக்கிறது, பூமியின் ஆரம் 6,371 கி.மீ. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்பு குறையும். கணக்குப் போட்டால், பூமியின் மையத்தை இழுப்பதைவிட அருகிலுள்ள பக்கத்தை நிலா சுமார் 3.4% கூடுதலாகவும், எதிர்ப்பக்கத்தை சுமார் 3.2% குறைவாகவும் இழுக்கிறது. இந்தப் பக்கத் தண்ணீர் பூமியை முந்துகிறது. அந்தப் பக்கத் தண்ணீர் பின்தங்குகிறது. இரண்டும் மேடுதான், அளவும் ஏறக்குறைய சமம். பூமி சுழல்வதற்குள் நிலாவும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு 12 மணி 25 நிமிடம்.

அப்படியானால் மெக்சிகோ வளைகுடாவின் பென்சகோலாவில் ஏன் பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஏற்றம்? நியூட்டன் இதில் பாதிதான் கைகொடுப்பார். நிலா நிலநடுக்கோட்டை விட்டு விலகும்போது மேடுகள் சாய்ந்துவிடும். ஒரே ஊருக்கு ஒரு ஏற்றம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் வரும். ஆனால் ஒன்று காணாமலே போவதற்கு அது போதாது.

இங்கேதான் 1775-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் தொடங்கிய மூன்றாவது விளக்கம் தேவைப்படுகிறது. மேடு நிலாவுக்கு நேர் கீழேயே இருக்க வேண்டுமென்றால் நிலநடுக்கோட்டில் மணிக்கு சுமார் 1,600 கி.மீ. ஓட வேண்டும். 4 கி.மீ. ஆழக் கடலில் நீண்ட அலையின் வேகமோ 700 கி.மீ. சொச்சம்தான். கண்டங்களும் குறுக்கே நிற்கின்றன. அதனால் கடல் ஏறி வற்றும் இந்த ஓதம் உண்மையில் நிலாவின் தாளத்துக்கு ஆடும் அலை. அண்டாத் தண்ணீரை அதன் போக்குக்கு ஏற்ற வேகத்தில் ஆட்டினால்தானே விளிம்புவரை எழும்? மெக்சிகோ வளைகுடா அரைநாள் ஆட்டத்துக்குச் சரியாக அசைவதில்லை, ஒருநாள் ஆட்டத்துக்கு அசைகிறது. குஜராத்தின் பாவ்நகரிலோ காம்பே வளைகுடா உள்ளே போகப்போகக் குறுகுவதால் அரைநாள் ஓதமே 10 மீட்டர்வரை எழுகிறது.

ஆகவே 'ஏன் இரண்டு' என்றால் நியூட்டன். 'எங்கள் ஊர்க் கடலில் எத்தனை, எவ்வளவு உயரம்' என்றால் லாப்லாஸ். மையவிலக்கை நான் வகுப்பில் எடுப்பதே இல்லை. அப்புறம், சூரியனைக் கேட்கும் கெட்டிக்காரப் பையனுக்கு: அது பூமியை நிலாவைவிடப் பல மடங்கு பலமாக இழுக்கிறது, ஆனால் தூரம் அதிகம் என்பதால் இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் நிலாவினுடையதில் பாதிகூட இல்லை. அமாவாசை, பௌர்ணமியில் இரண்டும் ஒரே கோட்டில் சேர்வதால்தான் ஓதம் கூடுகிறது.