டீக்கு எழுந்த சாருக்கு என்ன உரை? பட்டிமன்றமா, நேரடிக் கலாய்ப்பா, குறிப்பாணையா?

மாதக் கடைசி நாள் சாயங்காலம் மதுரையில் ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தில் பணி நிறைவு விழா நடக்கும். சால்வை, மாலை, மோதிரம் எல்லாம் முடிந்ததும், "நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணே" என்று மைக் நம் கைக்கு வந்துவிடும். ஓய்வு பெறுகிறவர் டீக்கடைக்கு ஓயாமல் போய்வருகிற ஒரு கண்காணிப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். நாற்காலியில் துண்டு, திறந்த கோப்பின் மேல் மூக்குக்கண்ணாடி. ஆள் மட்டும் டீக்கடை பெஞ்சில். இவரைச் சிரிக்கச் சிரிக்க வழியனுப்ப மூன்று வழி இருக்கிறது.

பட்டிமன்றம்தான் முதலில் எல்லாருக்கும் தோன்றும். "நம்ம சாரை அதிகம் சுமந்தது ஆபீஸ் நாற்காலியா, டீக்கடை பெஞ்சா?" தலைப்பைச் சொன்னாலே பாதிச் சிரிப்பு வந்துவிடும். ஆனால் நடுவர் ஒருவர், பேச இரண்டு பேர், எப்படியும் இருபது நிமிஷம் வேண்டும். இரண்டாவது ஆள் பேச வரும்போது அதே டீ ஜோக்கைத்தான் திருப்பிச் சொல்வார். இது சாலமன் பாப்பையா ஊர் வேறு. கேட்கிறவர்கள் நல்ல பட்டிமன்றம் பார்த்துப் பழகியவர்கள், சுமாரான நடுவரைச் சகிக்க மாட்டார்கள். மண்டபம் எடுத்து, சாப்பாடு போட்டு, பெரிதாகச் செய்கிற விழா என்றால் மட்டும் இதை எடுக்கலாம்.

நேரடிக் கலாய்ப்பில் செலவு இல்லை. யார் பேசுகிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கூடவே டீ குடித்த பங்காளி, "நானும் அந்தப் பெஞ்சில்தான் இருந்தேன்" என்று ஆரம்பித்தால் எடுபடும். அதையே மேலதிகாரி, "சார் சீட்ல இருந்து நான் பார்த்ததே இல்ல" என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள், அது புகார் மாதிரியே கேட்கும். பங்காளிக்கும் ஒரு சிக்கல் உண்டு. மூன்றாவது நிமிஷத்தில் குரல் தழுதழுத்து, மிச்சமெல்லாம் அழுகையாகிவிடும்.

என் ஓட்டு குறிப்பாணைக்கு, அதாவது விளக்கம் கேட்டு அனுப்புகிற மெமோவுக்கு. ஆயுசு முழுக்க அவர் மற்றவர்களுக்கு எழுதிய அதே நடையில், அவருக்கே ஒன்று. ஒருவரே வாசிக்கலாம், நாலு நிமிஷம் போதும். எழுதி வைத்து வாசிப்பதால் தழுதழுப்பும் குறையும்.

"பொருள்: பணியமைப்பு – தேநீர் – இருக்கையில் காணப்படாமை – விளக்கம் கோருதல் – தொடர்பாக.
பார்வை: டீக்கடை அண்ணாச்சியின் வாய்மொழித் தகவல்.
அன்னார் முற்பகல் 11 மணிக்கு 'இந்தா வந்துட்டேன்' எனக் கூறிச் சென்றவர், வடை சூடாக இல்லாத காரணத்தால் அடுத்த ஈடு வரும்வரை காத்திருந்ததாகத் தெரிகிறது. மேற்படி காலத்தில் அன்னாரின் பணிகளை அன்னாரின் துண்டு கூடுதல் பொறுப்பாகக் கவனித்து வந்துள்ளது."

வறண்ட முகத்தோடு, உண்மையான ஆணையை வாசிப்பது போலவே வாசிக்க வேண்டும். வாசிக்கிறவர் இடையில் தானே சிரித்துவிட்டால் போச்சு. "கூடுதல் பொறுப்பு" என்று வரும்போது அரங்கம் அதிர்வதற்குக் காரணம், அங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேர் காலிப் பணியிடத்துக்கெல்லாம் கூடுதல் பொறுப்பு பார்த்து நொந்தவர்கள்.

இந்த வடிவத்தில் கண்ணிவெடிகளும் உண்டு. குறிப்பாணையை 17(அ) என்றே போடுங்கள். அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் அது சிறு தண்டனைக்கான விதி. 17(ஆ) பெருந்தண்டனைக்கானது. பேச்சுவழக்கில் '17பி' என்றாலே வயிறு கலங்கும். ஓய்வு பெறும் நாளில் தற்காலிகப் பணிநீக்க ஆணை வந்து, ஓய்வு பெற அனுமதிக்கப்படாமல் நின்றவர்களின் கதை இல்லாத துறை கிடையாது. மேடையில் இருக்கிறவருக்கு அந்தப் பயம் அன்று காலைவரைக்கும் இருந்திருக்கும்.

அடுத்து, டீக்குக் காசு கொடுத்தது யார் என்ற பேச்சே வரக்கூடாது. அரசு அலுவலகத்தில் 'டீ செலவு' என்றால் என்னவென்று சம்பந்தி வீட்டாருக்கும் தெரியும். வந்தே தீரும் என்றால், "எங்க எல்லாருக்கும் சேர்த்து இவர்தான் கொடுப்பார்" என்று முந்திக்கொள்ளுங்கள். மனு கொடுக்க வந்தவர்கள் காத்துக் கிடந்த கதையும் வேண்டாம். அதற்குச் சிரிப்பு வராது. சர்க்கரை இருக்கிறவரா என்றும் முன்கூட்டியே விசாரியுங்கள். 'டீயை விட்டு வருஷமாச்சு' என்று வீட்டில் சொல்லி வைத்திருப்பார், முன்வரிசையில் வீட்டம்மா உட்கார்ந்திருப்பார்.

ஏற்புரைக்குச் சற்று முன்னால் வாசித்தால், அவரே எழுந்து 'விளக்கம்' கொடுத்துவிடுவார். இந்த வசதி மற்ற இரண்டிலும் கிடையாது.

தாளை வாசித்து முடித்ததும் கையில் கொடுத்துவிடலாம். அலுவலக முத்திரை மட்டும் குத்தாதீர்கள். மறுநாள் அதன் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, பக்கத்துத் தாலுகாவிலிருந்து துக்கம் விசாரிக்க ஃபோன் வரும்.