பர்ஃப்யூமைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றுவது: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

100 மில்லி பாட்டிலிலிருந்து 10 மில்லி அளவுக்குப் பிரித்து எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம் எனக்குச் சில வருடங்களாக இருக்கிறது. பையில் வைக்கச் சுலபம், பெரிய பாட்டிலைத் தினமும் வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் "சின்ன பாட்டிலுக்கு மாற்றினால் வாசனை போய்விடுகிறது" என்று பலர் சொல்வதும் உண்மைதான். நான் கவனித்தவரை, அது பெரும்பாலும் ஊற்றும் நேரத்தில் போவதில்லை. ஊற்றி மூடிய பிறகு, பாட்டிலின் கழுத்து வழியாக, வாரக்கணக்கில் மெல்லப் போகிறது. ஊற்றுவதற்கு எடுக்கும் அக்கறையில் பாதியையாவது மூடிக்குக் கொடுத்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முதலில் பாட்டில். கண்ணாடி மட்டும்தான் வாங்குகிறேன். பர்ஃப்யூமில் பெரும்பகுதி ஆல்கஹால், மீதி வாசனை எண்ணெய்களும் கொஞ்சம் தண்ணீரும். கெட்டியான, பளபளவென்று கண்ணாடி மாதிரியே இருக்கும் சில பிளாஸ்டிக்குகளில் இந்தக் கலவை நாளடைவில் மெல்லிய விரிசல்களை உண்டாக்கும். மென்மையான பிளாஸ்டிக் வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடியில் வால்வு வைத்து, பெரிய பாட்டிலின் தண்டில் அழுத்தி நிரப்பும் வகை ஆட்டமைசரும், அதாவது சின்ன ஸ்ப்ரே பாட்டிலும், என்னிடம் இருக்கிறது. நிரப்புவது அவ்வளவு வசதி! ஆனால் அதைத் திறந்து கழுவ முடியாது, அடி வால்வு தேயத் தேயக் கசிவும் தொடங்குகிறது. ஒரு நாள் பயணத்துக்கு ஓகே. மாதக்கணக்கில் வைத்துப் பயன்படுத்த, திருகித் திறக்கும் கண்ணாடி பாட்டில்தான் என் தேர்வு.

வாங்கியதும் பம்பைக் கழற்றி, அதன் காலருக்குள்ளே பாருங்கள். தட்டையான வளையம் ஒன்று, வாஷர், இருக்க வேண்டும். கண்ணாடியின் விளிம்பில் அழுந்தி உண்மையில் அடைப்பது அதுதான். திருகு மரை வெறும் பிடிமானம். மலிவாக மொத்தமாக வரும் பாட்டில்களில் சிலவற்றில் இந்த வாஷர் கோணலாக உட்கார்ந்திருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கண்ணாடி விளிம்பில் விரலை ஓட்டி, மேடு பள்ளம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் மாற்றுவது. பெரும்பாலான பெரிய பாட்டில்களில் பம்ப் உலோக வளையத்தால் கழுத்தோடு நெரித்து ஒட்டப்பட்டிருக்கும். அதை நெம்பிக் கழற்ற வேண்டாம். திரும்பப் பொருத்த வழியில்லை, கண்ணாடி வாயும் சில்லு விடலாம். மேலே விரல் வைத்து அழுத்தும் பொத்தானை மட்டும் நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். அடியில் சின்னத் தண்டு தெரியும். அந்தத் தண்டில் பொருந்தும் குழாய் அடாப்டரை மாட்டி, மறுமுனையைச் சின்ன பாட்டிலுக்குள் அடிவரை விட்டு, சுவரைத் தொட்டபடி வைத்து அழுத்தினால், ஸ்ப்ரே ஆகாமல் திரவமாகவே இறங்கும். ஓர் அழுத்தலுக்குச் சுமார் 0.1 மில்லி என்று வைத்துக்கொண்டால், 9 மில்லிக்கு 90 அழுத்தல் ஆகும். கை வலிக்கும், ஆனாலும் நிதானமாகச் செய்யுங்கள்.

பொத்தானைக் கழற்றாமல் நேராகச் சின்ன பாட்டிலின் வாயில் வைத்து அடிப்பதைவிட இது ஏன் நல்லது? ஸ்ப்ரே என்பதே திரவத்தைப் பொடித்துளிகளாக்கிக் காற்றோடு கலப்பதற்கான ஏற்பாடு. அந்தத் துளிகளிலிருந்து முதலில் பறப்பது ஆல்கஹாலும், எலுமிச்சை, பெர்கமாட் போன்ற லேசான மேல்வாசனைகளும். மிச்சத்தில் நுரையும் காற்றுக் குமிழும் சேர்ந்து இறங்குகின்றன. சில பாட்டில்களில் தண்டு பொத்தானோடு சேர்ந்தே வந்துவிடும், அடாப்டர் மாட்ட இடம் இருக்காது. அதற்கு வேறு வழியில்லை, ஸ்ப்ரேதான். சின்ன பாட்டிலைச் சாய்த்து, நாசிலை அதன் வாயோடு ஒட்டி வைத்து, சுவரில் படும்படி மெதுவாக அடித்தால் இழப்பு குறையும்.

பெரிய பாட்டில் திருகு மூடி வகையாக இருந்தால் சிரிஞ்ச் போதும். ஆனால் உள்ளே கறுப்பு ரப்பர் பிஸ்டன் உள்ள சிரிஞ்ச் வேண்டாம். ரப்பர் ஆல்கஹாலிலும் எண்ணெயிலும் உப்பும், அதில் தடவியிருக்கும் சிலிக்கோன் எண்ணெயும் பர்ஃப்யூமில் சேரும். ரப்பர் இல்லாத, முழுக்கப் பிளாஸ்டிக்கிலேயே வரும் இரண்டு துண்டு சிரிஞ்ச் கிடைக்கிறது. முனை மழுங்கிய ஊசியோடு அதை எடுங்கள்.

எந்த முறையானாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்போ விளக்குச் சுடரோ அருகில் வேண்டாம். பர்ஃப்யூம் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது. குளிர்ந்த பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே திறக்கவும் கூடாது. காற்றின் ஈரம் கண்ணாடியில் துளித்து உள்ளே இறங்கும்.

10 மில்லி பாட்டிலில் 9 மில்லியோடு நிறுத்துகிறேன். ஆல்கஹால் சூட்டில் நன்றாகவே விரியும். விளிம்புவரை நிரப்பிய பாட்டில் வெயிலில் நின்ற காரில் இருந்தால், விரிந்த திரவம் வாஷரைத் தாண்டி வெளியே வரும். அதற்காகப் பாதி காலியாகவும் வைக்கக் கூடாது. உள்ளே உள்ள காற்றின் ஆக்சிஜன்தான் மேல்வாசனைகளை மெல்லத் தின்பது. அதனால் 5 மில்லிதான் வேண்டுமென்றால் 5 மில்லி பாட்டில் வாங்குவதே சரி.

மரையில் டெஃப்லான் டேப்பை, மூடி திரும்பும் திசையிலேயே இரண்டு சுற்று சுற்றி, பிறகு பம்பைத் திருகுகிறேன். இனி எல்லாம் சரியாக அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் வழி. இதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: எடை போடுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன நகைத் தராசு போதும்.

கடைசியாக நிரப்பியதில் ஒன்றைச் சொல்கிறேன். எலுமிச்சை வகை வாசனை தூக்கலாக இருக்கும் பர்ஃப்யூம். காலி பாட்டில், பம்ப், மூடி, டேப், லேபிள் எல்லாம் சேர்ந்து 23.40 கிராம். 9 மில்லி ஊற்றியதும் 30.95. பர்ஃப்யூம் தண்ணீரைவிட லேசானது என்பதால் 9 மில்லிக்கு ஏழரை கிராம் சொச்சம்தான் வருகிறது. அதே பர்ஃப்யூமை, டேப் சுற்றாமல், வாஷர் சற்றுக் கோணலாக இருந்த இன்னொரு பாட்டிலிலும் ஊற்றி, இரண்டையும் தொடாமல் ஒரே இருட்டு அலமாரியில் வைத்தேன். ஒரு மாதம் கழித்து முதலாவது 30.93. இரண்டாவதில் 0.3 கிராமுக்கு மேல் காணவில்லை. ஒரு சொட்டுகூட வெளியே தெரியவில்லை, அலமாரி நனையவில்லை, கண்ணால் பார்த்தால் மட்டமும் குறைந்ததாகத் தோன்றவில்லை. தராசு மட்டும்தான் சொன்னது. மாதம் 0.1 கிராமுக்கு மேல் குறைகிற பாட்டிலை நான் வைத்துக்கொள்வதில்லை. வாஷரைச் சரிசெய்து பார்ப்பேன், முடியாவிட்டால் வேறு பாட்டில்.

சோதனைக்காகவே வைத்திருந்த அந்த இரண்டாவது பாட்டிலைச் சில மாதம் கழித்துத் தங்கையிடம் நீட்டினேன். எது என்ன என்று சொல்லவில்லை. முகர்ந்துவிட்டு, "அக்கா, இதுல எலுமிச்சையே இல்லையே, நேரா அடியில இருக்கிற மரவாசனைதான் வருது" என்றாள். எடை குறைந்தால் மூக்குக்குத் தெரிவது இப்படித்தான். முதல் பத்து நிமிடம் காணாமல்போய், வாசனை நடுவிலிருந்து தொடங்கும். அதற்கும் மேலே போனால் புளிப்பான, நகப்பூச்சை நினைவூட்டும் கூர்மை முதல் வீச்சில் வரும். நிறம் மட்டும் கறுப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வெனிலா உள்ளவை நல்ல நிலையிலேயே பழுப்பாகும்.

இனி ஆட்டமைசரின் சுத்தம். என் விதி, ஒரு பம்புக்கு ஒரே வாசனை. உள்ளே இறங்கும் பிளாஸ்டிக் குழாய் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். மஸ்க், வெனிலா, அகில் மரத்து ஊது போன்ற கனமான அடிவாசனைகள் எத்தனை கழுவினாலும் முழுதாக விடுவதில்லை. மாற்றியே ஆக வேண்டுமென்றால், மென்மையான வாசனையை முதலில் வைத்து, கனமானதைப் பிறகு ஊற்றலாம். தலைகீழாகச் செய்தால் பழையது மேலே வந்து நிற்கும்.

கழுவுவதற்குச் சோப்பும் தண்ணீரும் ஆகாது. சோப்பு பம்பின் உட்பக்கம் தங்கும், தண்ணீர் மிச்சமிருந்தால் பர்ஃப்யூம் கலங்கிப் பால் மாதிரி ஆகும். எண்ணெய்கள் கரையாமல் பிரிவதால் அப்படி. வேண்டியது 95 சதவீதத்துக்கு மேலான, சேர்மானம் எதுவும் இல்லாத எத்தனால். காயம் துடைக்கும் ஸ்பிரிட்டில் எண்ணெயோ வாசனையோ கலந்திருக்கலாம், பெயிண்ட் கடை மெத்திலேட்டட் ஸ்பிரிட் தோலுக்கானதே அல்ல. பாட்டிலைக் காலி செய்து, கால் பங்கு ஆல்கஹால் ஊற்றி, பத்துப் பதினைந்து முறை அழுத்துங்கள். ஓர் இரவு அப்படியே விட்டு, ஆல்கஹாலை மாற்றி மறுபடி அழுத்துங்கள். பிறகு வெறும் காற்று மட்டும் வரும்வரை அழுத்தி, பம்பையும் பாட்டிலையும் தனித்தனியாகக் கவிழ்த்து ஒரு நாள் காய விடுங்கள்.

சுத்தமாகிவிட்டதா என்று உடனே முகர்ந்து பார்த்தால் ஆல்கஹால் எல்லாவற்றையும் மறைத்துவிடும். கடைசிக் கழுவலிலிருந்து ஒரு வீச்சை வெள்ளைத் தாளில் அடித்து, ஒரு மணி நேரம் கழித்து முகருங்கள். தாளில் ஏதாவது மிச்சம் இருந்தால் பம்பிலும் இருக்கிறது.

ஸ்ப்ரே பூப்போல விரியாமல் ஒரே கோடாகப் பாய்ந்தால், நாசில் துளையில் ஆல்கஹால் பறந்து எண்ணெய் பிசினாகக் காய்ந்திருக்கிறது என்று பொருள். செறிவு அதிகமுள்ள பர்ஃப்யூம்களில், சில வாரம் தொடாமல் விட்டால் இது வரும். ஊசியால் குத்தாதீர்கள். அந்தத் துளைக்குப் பின்னால்தான் திரவத்தைச் சுழற்றும் நுண்ணிய பள்ளங்கள் இருக்கின்றன. துளை அகன்றாலோ பள்ளம் சிதைந்தாலோ அந்த நாசில் அப்புறம் கோடாகத்தான் அடிக்கும். பொத்தானை மட்டும் கழற்றி, ஆல்கஹாலில் அரை மணி நேரம் ஊறவைத்து, மாட்டி, துணியில் சில முறை அடித்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

லேபிளில் பெயரும் நிரப்பிய மாதமும் எழுதி, மேலே ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுங்கள், ஒரு துளி பட்டாலும் மை கரைந்துவிடும். அந்த மாதம் முக்கியம். எலுமிச்சை, லாவெண்டர் வாசனைகளில் உள்ள லிமோனின், லினலூல் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்களாக மாறுகின்றன. அதனால் சின்ன பாட்டிலில் பழசாகிப் புளித்துப்போன பர்ஃப்யூமைத் தோலில் அடிப்பதில்லை. அதைக் கொட்டிவிடுகிறேன்.